பட்டைக்குள் ஒரு போக்கு, விளிம்பருகே வேறு போக்கு

ஒரு காலத்தொடரின் இன்றைய மதிப்பை அதன் நேற்றைய மதிப்பைக் கொண்டு விளக்குவது தன்தொடர்பு மாதிரி. நேற்றைய மதிப்பு ஓர் அளவுக்கு மேலே இருந்தால் ஒரு சமன்பாடு, கீழே இருந்தால் வேறொரு சமன்பாடு என்று அதைப் பிரித்துக்கொண்டால் கிடைப்பது வரம்புத் தன்தொடர்பு மாதிரி. பொருளியல் வட்டாரத்தில் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டார்' மாதிரி என்பார்கள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் சமன்பாடு மிக எளிமையானது. பள்ளிக்கூடத்தில் படித்த நேர்கோடுதான். சிக்கல் முழுவதும் ஒரே கேள்வியில் இருக்கிறது: கோடு எந்த இடத்தில் மாறுகிறது?

இந்தக் கேள்விக்கு வசதியான களம் ஹாங்காங் டாலர். 1983 அக்டோபர் 17 முதல் அது அமெரிக்க டாலரோடு 7.80 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. 2005 மே மாதத்தில் ஹாங்காங் நாணய ஆணையம் அந்தக் கட்டுக்கு இரண்டு விளிம்புகளை வெளிப்படையாக அறிவித்தது. ஒரு அமெரிக்க டாலரின் விலை 7.75 ஹாங்காங் டாலராக இறங்கினால், வருகிற அமெரிக்க டாலரையெல்லாம் அந்த விலைக்கு ஆணையம் வாங்கிக்கொள்ளும். விலை 7.85க்கு ஏறினால், கேட்பவர்களுக்கெல்லாம் அந்த விலைக்கு விற்கும். இடையில் உள்ள பத்து சென்ட் அகலம்தான் பட்டை. எண் பெரிதானால் ஹாங்காங் டாலர் பலவீனமடைகிறது என்று பொருள், ஆகவே 7.85 பலவீன விளிம்பு, 7.75 வலுவான விளிம்பு.

பட்டையின் நடுவில் விலை 7.79இல் இருக்கும்போது அதைக் கட்டாயமாக இழுக்கும் கை எதுவும் இல்லை. ஏற்றுமதியாளர் விற்கிறார், இறக்குமதியாளர் வாங்குகிறார், வங்கிகள் தம் கணக்கைச் சரிசெய்கின்றன. விலை இங்குமங்கும் அலைகிறது. நாளை அது எங்கே இருக்கும் என்று கேட்டால், இன்று இருக்கும் இடத்தில்தான் என்பதைவிட நல்ல பதில் கிடைக்காது. புள்ளியியலாளர்கள் இதைத் தற்போக்கு நடை என்பார்கள்.

பலவீன விளிம்பை நெருங்கும்போது நிலைமை வேறு. அமெரிக்காவில் வட்டி கூடுதலாகவும் ஹாங்காங்கில் குறைவாகவும் இருந்தால், ஹாங்காங் டாலரைக் கடன் வாங்கி அமெரிக்க டாலராக மாற்றி வட்டி வித்தியாசத்தைச் சம்பாதிப்பவர்கள் பெருகுவார்கள். விலை 7.85ஐ நோக்கி ஏறும். அங்கே ஆணையம் அமெரிக்க டாலரை விற்று ஹாங்காங் டாலரை வாங்கிக்கொள்ளும்போது, வங்கிகள் ஆணையத்திடம் வைத்திருக்கும் மொத்த இருப்பு சுருங்கும். கையிருப்பு சுருங்கினால் வங்கிகளுக்கிடையிலான கடன் வட்டி ஏறும். வட்டி ஏறினால், கடன் வாங்கி மாற்றிச் சம்பாதிக்கும் வேலைக்கு லாபம் இல்லாமல் போகும். அப்படிப் போனவர்கள் திரும்ப ஹாங்காங் டாலரை வாங்க வேண்டும். விலை உள்ளே இறங்கும். 2005க்குப் பிறகு பலவீன விளிம்பு முதன்முறையாகத் தொடப்பட்டது 2018 ஏப்ரல் 12 அன்று. அப்போது ஏறத்தாழ 18,000 கோடி ஹாங்காங் டாலராக இருந்த மொத்த இருப்பு, அடுத்த ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

ஆக ஒரே விலைத்தொடருக்குள் இரண்டு இயக்கங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நேர்கோட்டில் அடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சிறு கணக்கில் பார்க்கலாம். 7.80ஐச் சுழியமாக வைத்து, ஒரு டாலரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒரு புள்ளி என்று கொள்வோம். அப்போது 7.85 என்பது +500, 7.75 என்பது −500. இனி வரும் கெழுக்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஹாங்காங் தரவிலிருந்து கணித்தவை அல்ல.

```
z[t] = z[t-1] + e[t]                         -400 <= z[t-1] <= 400
z[t] =  400 + 0.85*(z[t-1] - 400) + e[t]     z[t-1] > 400
z[t] = -400 + 0.85*(z[t-1] + 400) + e[t]     z[t-1] < -400
```

முதல் வரி நடு மண்டலம். நேற்றைய மதிப்பு அப்படியே இன்றைக்கு வருகிறது. கூடவே `e[t]` என்ற எதிர்பாராத அதிர்வு மட்டும் சேர்கிறது. இரண்டாம் வரி மேல் மண்டலம். 400ஐத் தாண்டிய பகுதியில் 85 விழுக்காடுதான் மறுநாளுக்கு மிஞ்சுகிறது. மூன்றாம் வரி அதையே கீழ்ப்பக்கத்துக்குச் சொல்கிறது. இங்கே வரம்பு 400. அதிகாரபூர்வ விளிம்பு 500. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கான காரணம் பின்னால் வரும்.

இன்று விலை 480 என்றால், இந்த மாதிரியின்படி நாளைய எதிர்பார்ப்பு 468. தாண்டிய 80 புள்ளி நாலைந்து நாளில் பாதியாகக் குறையும். அதிர்வுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இருபது நாளில் விலை 403க்கு வந்து அங்கேயே தங்கும். அதைச் சுழியத்துக்கு இழுக்க யாரும் இல்லை.

இதே தொடருக்கு ஒற்றை நேர்கோட்டைப் பொருத்தினால் அது இரண்டு மண்டலங்களையும் கலந்து, எங்கும் ஒரே மாதிரியான மெல்லிய இழுப்பைக் காட்டும். கெழு 0.98 என்று வந்ததாகக் கொள்வோம். 480இல் தொடங்கினால் இருபது நாளில் 320, 200இல் தொடங்கினால் இருபது நாளில் 134 என்று அது சொல்லும். இரண்டுமே தவறு. 200இல் இருக்கும் விலைக்கு எந்த இழுப்பும் கிடையாது; 480இல் இருக்கும் விலைக்குக் கிடைக்கும் இழுப்பு 400இலேயே நின்றுவிடும். நடுவிலையை நோக்கி மெதுவாகத் திரும்பும் ஒரு விசை இருப்பதாக நேர்கோடு கதை சொல்கிறது. அப்படி ஒரு விசை சந்தையில் இல்லை.

எதிர்ப்புறத் தவறும் நடக்கும். விலை பெரும்பாலான நாட்களை நடு மண்டலத்திலேயே கழித்திருந்தால், தரவில் தற்போக்கு நடையின் சாயலே மேலோங்கும். அலகு மூலச் சோதனை என்று அழைக்கப்படும் வழக்கமான சோதனையை அதில் நடத்தினால், 'திரும்பி வரும் தன்மைக்குச் சான்று இல்லை' என்ற முடிவுதான் பெரும்பாலும் கிடைக்கும். விளிம்பருகே வலுவான இழுப்பு இருந்தும் சோதனைக்கு அது தெரியாமல் போகிறது. இரண்டு நாடுகளின் பொருள்விலை வேறுபாட்டை ஆராய்ந்தவர்களும் இதே இடத்தில் இடறினார்கள். போக்குவரத்துச் செலவைவிட விலை வேறுபாடு சிறிதாக இருக்கும்வரை சரக்கை எடுத்துப்போய் விற்க யாரும் முனையமாட்டார்கள். அந்த அகலத்துக்குள் விலைகள் தம் போக்கில் அலையும். மோரிஸ் ஆப்ஸ்ட்ஃபெல்ட்டும் ஆலன் டெய்லரும் 1997இல் இந்த அலையும் அகலத்தை வரம்பு மாதிரியால் அளந்தபோது, வெளியே போன வேறுபாடு முன்பு நினைத்ததைவிட வேகமாகத் திரும்புவது தெரிந்தது.

இந்த மாதிரியை முன்வைத்தவர் ஹோவெல் டோங். அவரும் ஹாங்காங்கில் பிறந்தவர்தான். ஆனால் அவர் கண்முன் இருந்தது நாணயமல்ல. 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பணியாற்றிய அவர், கே. எஸ். லிம்முடன் சேர்ந்து 1980இல் வெளியிட்ட கட்டுரையில், கனடாவின் மெக்கென்சி ஆற்றுப் பகுதியில் 1821 முதல் 1934 வரை ஆண்டுதோறும் பிடிபட்ட லின்க்ஸ் காட்டுப்பூனைகளின் எண்ணிக்கையை ஆராய்ந்தார். சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணிக்கை ஏறி இறங்கியது. ஏற்றம் ஒரு வேகத்திலும் இறக்கம் வேறு வேகத்திலும் நடந்தது. ஒற்றை நேர்கோட்டு மாதிரியால் இப்படிச் சமச்சீரற்ற சுழற்சியைத் தர முடியாது. எண்ணிக்கை ஓரளவுக்குக் கீழே இருக்கும்போது ஒரு சமன்பாடு, மேலே இருக்கும்போது மற்றொன்று என்று பிரித்தபோது சுழற்சி தானாகவே வந்தது. மண்டலத்தைத் தீர்மானிப்பது தொடரின் சொந்தப் பழைய மதிப்பே என்பதால் இந்த வகையைத் தன்தூண்டல் வரம்பு மாதிரி என்று டோங் அழைத்தார். எத்தனை நாளைக்கு முந்தைய மதிப்பு தீர்மானிக்கிறது என்பதும் தரவைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியதே. நாணயத்தில் அது பெரும்பாலும் நேற்றைய விலை. காட்டுப்பூனையில் இரண்டாண்டுக்கு முந்தைய எண்ணிக்கை நன்றாகப் பொருந்தியது.

வரம்பைக் கண்டுபிடிக்கும் முறையில் ரகசியம் எதுவும் இல்லை. சாத்தியமான ஒவ்வொரு இடத்திலும் வரம்பை வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் பிழை மிகக் குறைவாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்வதுதான். எட்டே எட்டுத் தரவுகளில் இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். முந்தைய நாளின் மதிப்பை ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மறுநாள் ஏற்பட்ட மாற்றத்தை எழுதிக்கொள்வோம். இந்த எண்களும் விளக்கத்துக்காகப் புனைந்தவைதாம்.

```
z[t-1]:   120   200   260   330   390   420   450   480
மாற்றம்:   +8    -6    +4    -2    +1    -9   -12   -15
```

கணக்கு எளிதாக இருக்க, ஒவ்வொரு மண்டலத்திலும் மாற்றத்தின் சராசரியை மட்டும் மதிப்பிடுவோம். மண்டலம் எதுவும் பிரிக்காமல் எட்டுக்கும் ஒரே சராசரி எடுத்தால் அது −3.9, அதிலிருந்து ஒவ்வொரு மாற்றமும் விலகும் அளவை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 451 வருகிறது. இப்போது 330க்கும் 390க்கும் நடுவே வரம்பை வைத்து, இரு பக்கத்துக்கும் தனித்தனிச் சராசரி எடுத்தால் பிழைக்கூட்டு 261. 390க்கும் 420க்கும் நடுவே வைத்தால் 134. இன்னும் ஒரு படி தள்ளி 420க்கும் 450க்கும் நடுவே வைத்தால் மறுபடி 204க்கு ஏறிவிடுகிறது. ஆகவே வரம்பு 390க்கும் 420க்கும் இடையில் இருக்கிறது. அதற்குக் கீழே சராசரி மாற்றம் +1, அதாவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். மேலே −12, ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு புள்ளி உள்ளே இழுபடுகிறது.

வரம்பை 395 என்று வைத்தாலும் 415 என்று வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் அந்த இடைவெளியில் தரவே இல்லை. வரம்பை நகர்த்தும்போது பிழை வழவழவென்று மாறாமல் படிப்படியாகத் தாவும். அதனால்தான் சாதாரணக் கெழுக்களைப் போல வகைநுண்கணிதத்தால் ஒரே வீச்சில் இதைத் தீர்க்க முடிவதில்லை. ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதில் ஒரு நன்மையும் உண்டு. வரம்பில் உண்மையிலேயே திடீர் மாற்றம் இருந்தால், தரவு கூடக் கூட வரம்பின் மதிப்பீடு மற்றக் கெழுக்களைவிட வேகமாக உண்மையை நெருங்கும் என்று கே. எஸ். சான் 1993இல் நிறுவினார். தரவு நூறு மடங்கானால் சாதாரணக் கெழுவின் பிழை பத்தில் ஒன்றாகக் குறையும். வரம்பின் பிழையோ நூறில் ஒன்றாகக் குறையும். மேலே எழுதிய மூன்று வரி மாதிரியில் கோடுகள் 400இல் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன, தாவல் இல்லை. அங்கே இந்த வேகம் கிடைக்காது.

தேடும்போது ஒரு கட்டுப்பாட்டை எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். இரு ஓரங்களிலும் பத்து அல்லது பதினைந்து விழுக்காடு தரவை விட்டுவிட்டு, நடுவில் உள்ள மதிப்புகளை மட்டுமே வரம்பாக வைத்துப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு மண்டலத்தில் இரண்டு மூன்று புள்ளிகளே மிஞ்சி, எந்தக் கோடும் அவற்றில் பிழையில்லாமல் பொருந்திவிடும். `R` மென்பொருளில் `tsDyn` தொகுப்பின் `setar` கட்டளை இந்தத் தேடலைச் செய்து தருகிறது; ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும் என்பதைப் பயனர் சொல்லலாம்.

பிழை 451இலிருந்து 134க்கு இறங்கியதைக் கண்டு வரம்பு உண்டென்று முடிவுகட்டிவிட முடியாது. இந்த மாதிரியில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான். வரம்பே இல்லாத தொடரை எடுத்துக்கொண்டு, பிழையைக் குறைக்கும் இடத்தைத் தேடித்தேடி வெட்டினாலும் பிழை குறையத்தான் செய்யும். தேடிக் கண்ட இடத்தை முன்கூட்டியே தெரிந்த இடம்போல் பாவித்து, பாடநூலின் பின்பக்க அட்டவணையோடு ஒப்பிட்டால் இல்லாத வரம்பும் இருப்பதாகத் தோன்றும். வரம்பு இல்லை என்பதே உண்மையானால் 'வரம்பு எங்கே' என்ற அளவுக்குப் பொருளே கிடையாது. அந்த அளவைத் தேடிவிட்டு வழக்கமான சோதனையை நடத்துவது முறைப்படி செல்லாது. 1970களிலேயே ராபர்ட் டேவிஸ் இந்தச் சிக்கலைப் பொதுவாக எடுத்துக்காட்டியிருந்தார்.

வரம்பு மாதிரிக்கு நடைமுறைத் தீர்வைத் தந்தவர்களில் முக்கியமானவர் புரூஸ் ஹான்சன். வரம்பில்லாத நேர்கோட்டு மாதிரியைத் தரவுக்குப் பொருத்தி, அதிலிருந்து கணினியில் ஆயிரம் போலித் தொடர்களை உருவாக்க வேண்டும். ஒவ்வொரு போலித் தொடரிலும் அசலில் செய்த அதே தேடலைச் செய்து, பிழை எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அசலில் கண்ட குறைவு அந்த ஆயிரத்தில் ஐம்பதுக்கும் குறைவானவற்றில்தான் எட்டப்பட்டது என்றால், வரம்பு உண்டு என்று ஐந்து விழுக்காட்டு அளவில் சொல்லலாம். இந்த உத்திக்குப் பூட்ஸ்ட்ராப் என்று பெயர். மேலே கண்ட எட்டு எண்களில் இந்தச் சோதனையை நடத்துவது வீண். சில நூறு தரவுகளாவது வேண்டும். ஒவ்வொரு மண்டலத்திலும் போதிய எண்ணிக்கை இருப்பது அதைவிட முக்கியம்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் பரிமாற்றப் பட்டையில் சிக்கலாகிறது. ஹாங்காங்கில் 7.85ஐ வரம்பாக வைத்தால் அதற்கு மேலே ஒரு நாள்கூடக் கிடைக்காது. ஆணையம் அந்த விலையில் விற்கத் தயாராக நிற்கும்போது அதைவிட உயர்ந்த விலை கொடுக்க யாருக்கும் தேவை இல்லை. எனவே அதிகாரபூர்வ விளிம்பை வரம்பாக வைக்க முடியாது; போக்கு மாறும் இடத்தை உள்ளேதான் தேட வேண்டும். அப்படி ஓர் இடம் உள்ளே இருப்பதற்குக் காரணமும் உண்டு. 1991இல் பால் க்ரூக்மன் எழுதிய இலக்குப் பட்டைக் கோட்பாட்டின்படி, விளிம்பில் தலையீடு நிச்சயம் என்று சந்தை நம்பினாலே போதும். விலை விளிம்பைத் தொடும் முன்பே வளையத் தொடங்கிவிடும். 7.85க்கு மேல் போகாது என்று தெரிந்தவர், 7.84இல் அமெரிக்க டாலரை வாங்கி வைத்தால் கிடைக்கக்கூடிய லாபம் ஒரே சென்ட், வரக்கூடிய நட்டமோ ஒன்பது சென்ட் வரை என்று கணக்குப் போடுவார். மேலே எழுதிய மாதிரியில் வரம்பு 500ஆக இல்லாமல் 400ஆக இருந்தது இதனால்தான். மத்திய வங்கி சொன்ன எண் 500. சந்தை எந்த எண்ணில் கவனிக்கத் தொடங்குகிறது என்பதைத் தரவுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கோட்பாட்டையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. 2018இல் விளிம்பைத் தொட்ட விலை, துள்ளி உள்ளே திரும்பிவிடவில்லை, வாரக்கணக்கில் 7.85ஐ ஒட்டியே கிடந்தது. வட்டி வேறுபாடு தீராதவரை, விளிம்புக்குத் தள்ளும் விசையும் அங்கே தடுக்கும் சுவரும் சேர்ந்து விலையை அசையாமல் பிடித்து வைத்தன. அப்படிப்பட்ட நாட்களில் இழுப்பைவிட அலைச்சலின் அளவுதான் மண்டலத்துக்கு மண்டலம் மாறுகிறது. நடுவில் விலை தாராளமாக அசைகிறது. விளிம்பை ஒட்டி அசைவே இல்லை. எல்லா மண்டலத்திலும் `e[t]`இன் பரவல் ஒன்றே என்று வைத்துக்கொண்ட மாதிரி இதைத் தவறவிடும். பரவலையும் மண்டலவாரியாகத் தனித்தனியே மதிப்பிட வேண்டும். முந்தைய மதிப்பை ஓர் அச்சிலும் மறுநாள் மாற்றத்தை மற்றோர் அச்சிலும் வைத்து ஒரு புள்ளிப்படம் வரைந்து பார்த்தால், எந்த வகை மாற்றம் நடக்கிறது என்பது சமன்பாட்டுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் நேராகக் கணினிக்குப் போகிறவர்கள் ஏராளம்.

இரு பக்கமும் வரம்பு ஒரே தொலைவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வதும் ஆய்வு வசதிக்காகத்தான். அப்படி வைத்தால் தேட வேண்டியது ஒரே எண். தரவும் இரட்டிப்பாகக் கிடைக்கும். ஆனால் வலுவான விளிம்பில் ஆணையம் கொடுப்பது தன் சொந்த நாணயம். அதை எவ்வளவும் உருவாக்கிக் கொடுக்கலாம். பலவீன விளிம்பில் கொடுப்பது சேர்த்து வைத்த அமெரிக்க டாலர். அதற்கு ஓர் அளவு உண்டு. சந்தை இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு பார்க்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு வரம்புகளையும் தனித்தனியே மதிப்பிட்டுவிட்டு, அவை சமமா என்று பிறகு சோதிப்பதே சரி.

தரவின் காலப்பகுதியைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. 1983 முதல் இன்றுவரை உள்ள விலைகளை ஒன்றாகச் சேர்த்து வரம்பு தேடினால் கணினி ஏதோ ஒரு எண்ணைத் தரும். ஆனால் 2005 மே மாதத்துக்கு முன்னால் வலுவான பக்கத்தில் அறிவிக்கப்பட்ட விளிம்பே கிடையாது; பலவீனப் பக்கத்து விளிம்பும் 7.85இல் இருக்கவில்லை. அங்கே மாறியது விதி. காலத்தால் ஏற்பட்ட மாற்றத்தை விலை மட்டத்தால் ஏற்பட்ட மாற்றமாக எடுத்துக்கொள்ள இந்த மாதிரி எப்போதும் தயாராக இருக்கும். ஐயம் வந்தால் செய்ய வேண்டியது எளிது: தரவைக் காலவாரியாக இரண்டாக வெட்டி, இரண்டிலும் தனித்தனியே வரம்பைத் தேடிப் பார்க்க வேண்டும். உண்மையான வரம்பானால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும். ஒன்றில் தெரிந்து மற்றொன்றில் மறைந்தால், அகப்பட்டது வேறு ஏதோ.

முன்கணிப்புக்கு இதைப் பயன்படுத்தும்போது ஒரு படி மட்டும் எளிது. இன்று எந்த மண்டலத்தில் இருக்கிறோம் என்று தெரியும். அந்த மண்டலத்தின் சமன்பாட்டில் இட்டால் நாளைய எதிர்பார்ப்பு கிடைக்கும். நாளை மறுநாளுக்கு அப்படிச் செய்ய முடியாது. இன்று விலை 395 என்றால் நாளை அது 400க்கு மேலேயும் போகலாம், கீழேயும் இருக்கலாம். எந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்துவது என்பதே தெரியாது. நாளைய எதிர்பார்ப்பான 395ஐயே மீண்டும் முதல் சமன்பாட்டில் இட்டால், மேலே போகக்கூடிய வாய்ப்பில் கிடைக்கும் இழுப்பு கணக்கில் வராமலே போய்விடும். ஆகவே அதிர்வுகளைத் தற்செயலாக எடுத்துச் சில ஆயிரம் பாதைகளைக் கணினியில் ஓடவிட்டு அவற்றின் சராசரியை எடுக்கிறார்கள். சராசரியோடு பாதைகள் எப்படிப் பரவுகின்றன என்பதையும் பார்ப்பது நல்லது. வரம்பருகே அந்தப் பரவல் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும்.

பட்டையே உடையும் நாளை இந்த மாதிரி காட்டாது. 1990 அக்டோபர் 8 அன்று பிரிட்டன் ஐரோப்பிய மாற்று விகித ஏற்பாட்டில் சேர்ந்தபோது, ஒரு பவுண்டுக்கு 2.95 ஜெர்மன் மார்க் என்பது மைய விகிதம். இரு பக்கமும் ஆறு விழுக்காடு பட்டை. கீழ் விளிம்பு 2.778. அந்தப் பட்டைக்குள் இருந்த நாட்களின் தரவைக் கொண்டு செய்த எந்த வரம்பு மாதிரியும், கீழ் விளிம்பை நெருங்கும் பவுண்டு மேலே இழுக்கப்படும் என்றுதான் சொல்லியிருக்கும். 1992 செப்டம்பர் 16 அன்று இங்கிலாந்து வங்கி பவுண்டை வாங்கிக் குவித்தது. அரசு வட்டியைப் பத்திலிருந்து பன்னிரண்டு விழுக்காட்டுக்கு உயர்த்தியது. மறுநாள் முதல் பதினைந்து என்றும் அறிவித்தது. விற்பவர்கள் நிற்கவில்லை. அன்று மாலையே பிரிட்டன் ஏற்பாட்டிலிருந்து விலகியது. விளிம்புக்கு அருகே போவது, நம்பிக்கை இருக்கும்வரை திரும்பி வருவதற்கான அறிகுறி. நம்பிக்கை போனபின் அதுவே உடைவதற்கான அறிகுறி. இரண்டிலும் விலை ஒரே எண்ணைத்தான் காட்டும். விலையை மட்டும் பார்த்து மண்டலத்தைத் தீர்மானிக்கும் மாதிரிக்கு இந்த வேறுபாட்டை அறிய வழியில்லை. மறுநாளே இத்தாலிய லிராவும் ஏற்பாட்டைவிட்டு வெளியேறியது. 1993 ஆகஸ்டில் எஞ்சியிருந்த பெரும்பாலான நாணயங்களுக்குப் பட்டை இரு பக்கமும் பதினைந்து விழுக்காடாக விரிக்கப்பட்டது. அவ்வளவு அகலத்தில் விளிம்பை விலை தொடும் நாட்கள் அரிது. தரவு அநேகமாக முழுவதும் நடு மண்டலமே.

இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் விலையோடு வேறு சிலவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இரு நாட்டு வட்டி வேறுபாடு, மத்திய வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, பல மாதம் கழித்துப் பரிமாறுவதற்கான முன்னொப்பந்த விலை ஆகியவை அவற்றில் முக்கியம். முன்னொப்பந்த விலை பட்டைக்கு வெளியே போய்விட்டது என்றால், பட்டை நிலைக்கும் என்று சந்தை நம்பவில்லை. அப்போது வரம்பு மாதிரி காட்டும் இழுப்பை நம்பிப் பணம் போடுவது முட்டாள்தனம்.

வரம்பு கூர்மையான ஓர் எண்ணாக இருக்கவேண்டும் என்பதும் கட்டாயமில்லை. ஆயிரக்கணக்கான வணிகர்களின் செலவும் கணிப்பும் வெவ்வேறாக இருந்தால், ஒருவர் 380இல் செயல்படுவார், மற்றவர் 430இல். மொத்தத்தில் போக்கு படிப்படியாக மாறும். அதற்கென்று மென்மாற்றத் தன்தொடர்பு மாதிரி என்ற உறவுக்கார மாதிரி இருக்கிறது. அதில் மண்டலங்களுக்கு இடையே தாவல் இல்லாமல் சரிவு இருக்கும். ஆனால் அந்தச் சரிவின் செங்குத்தை மதிப்பிட வரம்பருகே நிறையத் தரவு வேண்டும். பெரும்பாலான நாணயத் தொடர்களில் அவ்வளவு கிடைப்பதில்லை. விளிம்பை அறிவித்து, அதில் வரம்பின்றி வாங்கவும் விற்கவும் ஒரு மத்திய வங்கி நிற்கும் ஹாங்காங் போன்ற இடத்தில், தனித்தனி மண்டலங்களைக் கொண்ட வரம்பு மாதிரியே பொருத்தம்; விளிம்பு அறிவிக்கப்படாமல் மத்திய வங்கி தன் விருப்பப்படி அவ்வப்போது தலையிடும் நாணயங்களுக்கு மென்மாற்ற மாதிரியை முதலில் முயன்று பார்ப்பது நல்லது.